66 சதுர அடி டைலுக்கு 878 வெள்ளி எப்படி வந்தது: வீட்டுக்காரருக்கு ஒரு கொன்ட்ரேக்டரின் கடிதம்

சுங்கை சிப்புட்
ஆகஸ்டு 11

டீச்சருக்கு வணக்கம்.

வியாழக்கிழமை இரவு நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள்: "டைல் சதுர அடி 3.80 வெள்ளி. பாத்ரூமில் கூடுதலாகப் போட்டது 66.5 அடி. 253 வெள்ளிதானே வரவேண்டும்? 878 எப்படி?" கோலாலம்பூரிலிருந்து உங்கள் மகனும் இதையே கேட்டதாகச் சொன்னீர்கள். நியாயமான கேள்வி. பில்லில் "கூடுதல் வேலை" என்று ஒரே வரியில் தொகை போட்டு அனுப்பியது என் தவறு. அந்த ஒரு வரியை இந்தக் கடிதத்தில் பிரித்து எழுதியிருக்கிறேன். கூடியது எது, குறைந்தது எது, நான் ஏற்றுக்கொண்டது எது என்று மூன்றும் இதில் இருக்கும். மகனுக்கும் இப்படியே அனுப்பலாம்.

முதலில் கொட்டேஷன். குசினி, பாத்ரூம் வேலைக்கு நாம் ஒப்புக்கொண்ட தொகை 18,600 வெள்ளி. அதில் பாத்ரூம் சுவர் டைல் 6 அடி உயரம் வரை, சிங்க் பின்சுவரில், வாஷிங் மெஷின் குசினிக்குள், ஹீட்டர் பாய்ன்ட் இல்லை என்று இருக்கிறது. இந்த நான்கும் வேலை தொடங்கிய பிறகு மாறின. பின்பக்கத் துவைக்கும் இடத்துக்கு டைல் என்பது புதிதாகச் சேர்ந்தது. ஆக ஐந்து மாற்றம். இவற்றில் பாத்ரூம் சுவரையும் சிங்க்கையும் மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சந்தேகம் வரக்கூடியவை அவைதான்.

பாத்ரூம் சுவர்

உங்கள் பாத்ரூம் 5க்கு 7 அடி. நான்கு சுவரையும் சுற்றினால் 24 அடி. 6 அடியிலிருந்து 9 அடி சீலிங் வரை ஏறினால் கூடும் உயரம் 3 அடி. 24ஐ 3ஆல் பெருக்கினால் 72 சதுர அடி. அதில் கதவின் மேல்பாகம் 2.5, ஜன்னல் 3 சதுர அடி கழித்தால் 66.5. நீங்கள் சொன்ன அளவு சரிதான்.

ஆனால் சதுர அடிக் கணக்கு வேறு, டைல் வாங்கும் கணக்கு வேறு. நீங்கள் தேர்ந்தெடுத்தது 300க்கு 600 மில்லிமீட்டர் டைல். பெட்டிக்கு 8 துண்டு, 15.5 சதுர அடி. 66.5க்கு வெட்டுச் சேதாரம் பத்து விழுக்காடு சேர்த்தால் 73 சதுர அடி. அந்தக் கணக்கில் 5 பெட்டி போதும். நான் 6 பெட்டி வாங்கியிருக்கிறேன். காரணம் உயரத்தில் இருக்கிறது.

டைலை நிமிர்த்தி ஒட்டுகிறோம், ஒன்றின் உயரம் 60 சென்டிமீட்டர். 9 அடி என்றால் 274 சென்டிமீட்டர். நான்கு முழு டைல் 241 வரை போகிறது. மிச்சம் சுமார் 33 சென்டிமீட்டர். ஐந்தாவது வரிசையில் ஒவ்வொரு டைலையும் 33க்கு வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு கையில் நிற்பது 27 சென்டிமீட்டர் துண்டு. அதை அடுத்த இடத்தில் போட முடியாது, 6 சென்டிமீட்டர் குறைகிறது. ஆக மேல் வரிசையில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முழு டைல் போய்விடுகிறது. சீலிங் 8 அடி 10 அங்குலமாக இருந்திருந்தால் 28 சென்டிமீட்டர் போதும், ஒரு டைலை இரண்டாக வெட்டி இரண்டு இடத்தில் போட்டிருக்கலாம். இரண்டு அங்குலத்தில் மாறிப்போகும் கணக்கு இது.

துண்டாக எண்ணிப் பார்ப்போம். பூச்சும் சாந்தும் டைல் கனமும் போக நீளச் சுவருக்கு 7 டைல், குறுகிய சுவருக்கு 5 டைல் அகலம். நான்கு சுவருக்கும் 24. ஒவ்வொன்றுக்கும் மேலே இரண்டு வரிசை, ஆக 48. ஜன்னலால் 2 மிச்சம். 46 துண்டு தேவை. கீழ்ப்பாகத்துக்கு வாங்கியதில் 7 துண்டு மீந்திருந்தது. அதில் 3 ஹீட்டருக்குப் போய்விட்டது (அதைப் பிறகு சொல்கிறேன்). கையில் 4. ஐந்து பெட்டி வாங்கினால் 40, ஆக 44தான், இரண்டு குறையும். அதனால் ஆறாவது பெட்டி. ஒரு பெட்டி 58.90 வெள்ளி, ஆறுக்கு 353.40.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டைல் பெட்டியின் பக்கவாட்டில் மாடல் பெயருக்குக் கீழே ஷேட் எண் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். ஒரே மாடலாக இருந்தாலும் சூளையில் வேறு வேறு நாளில் சுட்டது நிறத்தில் ஒரு சாயல் மாறும். கடை விளக்கில் தெரியாது, பாத்ரூம் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது தெரியும். உங்கள் முதல் ஆர்டரின் ஷேட் எண்ணில் ஈப்போ கடையில் 4 பெட்டிதான் மீதம் இருந்தது. மற்ற 2 பெட்டி வேறு ஷேட். அதைக் கதவுச் சுவரில் மட்டும் போடச் சொன்னேன். உள்ளே போகும்போது அந்தச் சுவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கதவை மூடி நின்று கூர்ந்து பார்த்தால் 6 அடிக்கு மேலே லேசாக வெளுத்துத் தெரியும். இதை மறைத்து வேலையை ஒப்படைக்க எனக்கு விருப்பமில்லை. முதலிலேயே 9 அடி என்று முடிவாகியிருந்தால் எல்லாம் ஒரே ஷேட்டில் வந்திருக்கும். அந்த இரண்டு பெட்டியில் 10 துண்டு சுவருக்குப் போனது, 2 வெட்டும்போது உடைந்தது, 4 துண்டு சிங்க் அடியில் வைத்திருக்கிறேன். தூக்கிப்போட வேண்டாம். நாளை ஒரு பைப் ஒழுகினால் அந்த நாலு துண்டுக்கு அலைய வேண்டியிருக்கும், அந்த மாடல் அப்போது கடையில் இருக்குமா என்பது வேறு விஷயம்.

இனி கூலி. கீழ்ப்பாகச் சுவரில் பழைய டைலைப் பெயர்த்துவிட்டுப் புதியது ஒட்டினோம், அது கொட்டேஷனிலேயே இருக்கிறது. மேல்பாகத்தில் இருந்தது பெயிண்ட் அடித்த சுவர். பெயிண்ட் மேல் பசையைத் தடவி டைல் ஒட்டினால் டைல் சுவரைப் பிடிப்பதில்லை, பெயிண்டைத்தான் பிடிக்கிறது. குளிக்கும் ஆவியில் பெயிண்ட் உரியும்போது டைலும் கூடவே வரும். அதுவும் தலைக்கு மேல் உயரத்தில். அதனால் 66.5 அடியையும் உளியால் கொத்திப் பொத்தல் பொத்தலாக்கி, தூசி கழுவி, பிறகுதான் ஒட்டினோம். கொத்துக்கூலி அடிக்கு 1.50, ஆக 99.75. ஒட்டுக்கூலி அடிக்கு 5.50, கீழ்ப்பாகத்துக்குக் கொட்டேஷனில் போட்ட அதே விலை, ஆக 365.75. டைல் பசை 25 கிலோ மூட்டை, நாலு மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய 48 சதுர அடிக்கு வரும். ஒன்று போதாது, இரண்டு மூட்டை 48 வெள்ளி. இடுக்கு அடைக்கும் கிரவுட் 12 வெள்ளி. எல்லாம் சேர்த்து 878.90.

பாருங்கள், டைலின் விலை இதில் பாதிகூட இல்லை. மகன் போட்ட 253 கடை விலைதான். அந்த டைல் சுவருக்குப் போய்ச் சேரும் செலவு அதில் இல்லை.

ஒட்டியது சரியா என்று நீங்களே பார்க்கலாம். 50 காசு நாணயத்தால் ஒவ்வொரு டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். நிறைந்த இடம் "டிக்" என்று கெட்டியாகக் கேட்கும், வெற்றிடம் "டொக்" என்று கேட்கும். மூலையில் ஒரு விரல் அகலத்துக்குக் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். கால்வாசி டைல் அப்படிக் கேட்டால் கழற்றி மறுபடி ஒட்டித் தருகிறேன், செலவு என்னுடையது.

பின்பக்கத் துவைக்கும் இடம்

இது 10க்கு 6, ஆக 60 சதுர அடி. வழுக்காத சொரசொரப்பு டைல் 7 பெட்டி 238 வெள்ளி. அங்கே இருந்த பழைய சிமெண்டுத் தரையில் தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பித் தேங்கியது, அதன் மேல் நேராக டைல் ஒட்டினால் டைல் மேலும் தேங்கும். அதனால் வீட்டுச் சுவர்ப் பக்கம் 2 அங்குலம், லோங்காங் பக்கம் 1 அங்குலம் என்று சாந்து போட்டுச் சரிவு கொடுத்தோம். சிமெண்டு 2 மூட்டை 46, மணல் 60, சாந்துக்கூலி 150, ஒட்டுக்கூலி 330, பசை 48, கிரவுட் 12. மொத்தம் 884.

இங்கே குசினிக் கதவின் வாசல்படிக்கும் புதுத் தரைக்கும் இப்போது இருக்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம். அதற்கு மேல் உயர்த்தியிருந்தால் கனமழையில் தண்ணீர் உள்ளே வரும். "இன்னும் கொஞ்சம் சரிவு கொடுங்கள்" என்று நீங்கள் கேட்டபோது நான் மறுத்தது அதனால்தான்.

சிங்க் இடம் மாறியது

இதுதான் பெரிய வேலை. கணக்கைப் பார்க்காமல் "பைப் கொஞ்சம் நகர்த்தினதுக்கு 848 வெள்ளியா" என்று யாருக்கும் தோன்றும்.

கொட்டேஷன்படி சிங்க் பின்சுவரில். சிங்க் கழிவுக் குழாய் சுவரைத் துளைத்து இரண்டு அடியில் வெளியே லோங்காங்குக்குப் போய்விடும். நீங்கள் கேட்டது பக்கச் சுவரில், பின்சுவரிலிருந்து 9 அடி உள்ளே. அந்தப் பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொதுச் சுவர், அதன் வழியாக எந்தக் குழாயும் வெளியே போக முடியாது. ஆக 9 அடி தூரத்தைக் குசினிக்குள்ளேயே கடக்க வேண்டும். இரண்டு வழி சொன்னேன். ஒன்று, கேபினட்டுக்குப் பின்னால் சுவரோரமாகத் தரைக்கு மேலேயே குழாயைக் கொண்டுபோவது. தரையை உடைக்க வேண்டாம், சுமார் 300 வெள்ளியில் முடிந்திருக்கும். ஆனால் நடுவில் பிரிட்ஜ் வைக்கும் இடத்தில் குழாய் வெளியே தெரியும், பிரிட்ஜும் சுவரைவிட்டு நாலு அங்குலம் தள்ளி நிற்கும். இரண்டாவது, தரைக்கு அடியில். ஜூலை 3ஆம் தேதி நீங்கள் "தரைக்கு அடியிலேயே போட்டுடுங்க" என்று எழுதினீர்கள். அந்தச் செய்தி என்னிடம் இருக்கிறது, உங்களிடமும் இருக்கும்.

தரைக்கு அடியில் என்றால் ஆழம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. சிங்க் தண்ணீரில் எண்ணெய், சோறு, மசாலா எல்லாம் போகும். 2 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1 சரிவு கொடுக்கிறோம். அதைவிடச் சரிவு குறைந்தால் எண்ணெய் குழாயின் அடியில் படிந்து கெட்டியாகி ஆறே மாதத்தில் அடைக்கும். 9 அடி என்பது 108 அங்குலம். 40ஆல் வகுத்தால் 2.7 அங்குல இறக்கம். தொடக்கத்தில் குழாய்க்கு மேலே 1 அங்குலமாவது சாந்து வேண்டும், குழாயின் வெளிப் பருமன் 2⅜ அங்குலம். மூன்றையும் கூட்டினால் பின்சுவர் அருகே பள்ளத்தின் ஆழம் 6 அங்குலத்துக்குச் சற்று மேல்.

உங்கள் வீட்டுத் தரைக் கான்கிரீட் 4 அங்குலம். அதாவது சிங்க்கிலிருந்து இரண்டடி தாண்டியதுமே பள்ளம் கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. நடுவில் இருக்கும் பிஆர்சி இரும்பு வலையை வெட்ட வேண்டியிருக்கிறது. வெட்டிய வலையை அப்படியே விட்டு மண் தள்ளி மூடினால், அந்த 9 அடிக் கோட்டில் பின்னால் தரை டைல் நூல் பிடித்தாற்போல் வெடிக்கும். பல வீடுகளில் குசினித் தரையில் நேர்கோடாக ஒரு வெடிப்பு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் அடியில் பிறகு போட்ட குழாய் ஒன்று இருக்கும். அதனால் குழாயைச் சுற்றி மணல் நிரப்பி இறுக்கி, வலையின் இரண்டு பக்கத்தையும் புதுக் கம்பியால் இணைத்துக் கட்டி, கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறோம். தரை உடைத்த கூலி அடிக்கு 25 வீதம் 225. மணல், கம்பி, கான்கிரீட், மூடிய கூலி 160.

சரிவு உண்மையில் அந்த அளவுதானா என்பதற்குப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். 120 சென்டிமீட்டர் ரசமட்டக் கோலைக் குழாய் மேல் வைத்து, இறங்கும் பக்கத்து முனைக்கு அடியில் 3 சென்டிமீட்டர் கட்டை ஒன்று சொருகியிருப்பது படத்தில் தெரியும். அப்படி வைத்தபோது குமிழி நடுவில் நின்றால் சரிவு 40க்கு 1. மூன்று இடத்தில் வைத்து எடுத்த படங்கள் உங்கள் போனுக்கு வந்திருக்கும். மூடிய பிறகு இதை யாராலும் பார்க்க முடியாது, அதனால் அந்தப் படங்களை அழிக்க வேண்டாம். நாளை யாராவது அங்கே டிரில் போட வந்தாலும் குழாய் எங்கே ஓடுகிறது என்று அவைதான் சொல்லும்.

குழாயும் இணைப்புகளும் 68 வெள்ளி. திருப்பத்தில் ஒரே 90 பாகை முழங்கை போடாமல் 45 பாகையில் இரண்டு போட்டிருக்கிறோம், அடைப்பெடுக்கும் கம்பி அதில் சிக்காமல் வளைந்து போகும். சிங்க் அடியில் திருகு மூடியுடன் ஒரு வாய் வைத்திருக்கிறோம். அடைத்தால் அங்கே திறந்து கம்பி விடலாம், தரையைத் தொட வேண்டாம். இடம் மறந்துபோகும் என்று மூடிக்கு நேராகக் கேபினட் உள்பக்கம் பேனாவால் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

நல்ல தண்ணீர்க் குழாய் விஷயத்தில் உங்கள் மகன் இன்னொரு கேள்வி கேட்டிருந்தார்: "9 அடிக்கு 22 அடி பிபிஆர் பைப் எதுக்கு?" சுவரில் படுக்கைவாட்டில் 9 அடிக்கு வெட்டிக் குழாயைப் புதைத்தால் 9 அடி போதும். ஆனால் உங்கள் குசினிச் சுவர் நாலரை அங்குலச் செங்கல் சுவர். இப்படிச் சுவரில் படுக்கைவாட்டில் வெட்டினால் கனத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, அதாவது முக்கால் அங்குலம். பிபிஆர் குழாயின் பருமனே 2 சென்டிமீட்டர், முக்கால் அங்குலத்துக்கு மேல். மேலே பூச்சும் வேண்டும். நேர்குத்தாக வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு, ஒன்றரை அங்குலம் வரை போகலாம். அதனால் குழாயைச் சீலிங்குக்கு மேல் கொண்டுபோய் சிங்க்குக்கு நேர் மேலிருந்து செங்குத்தாக இறக்கினோம். நீளம் 22 அடியானது இதனால்தான். குழாய் 13 அடி நீளத்தில் வரும், இரண்டு வாங்கினோம், 32 வெள்ளி. முழங்கைகளும் பித்தளைத் திருகு இணைப்பும் 43.

பிளம்பரும் உதவியாளும் ஒரு நாள், 280. சுவர் பூசிச் சரி செய்தது 40. மொத்தம் 848. கொட்டேஷனில் பின்சுவர் சிங்க் பாய்ன்டுக்குப் போட்டிருந்த 250 வெள்ளியை இதிலிருந்து கழிக்கிறேன், அந்த வேலை செய்யவில்லை அல்லவா. ஆக இடம் மாறியதால் உண்மையில் கூடியது 598.

வாஷிங் மெஷின், ஹீட்டர்

வாஷிங் மெஷினைப் பின்பக்கம் மாற்றியதற்குச் சுவர்த் துளை, குழாய், தண்ணீர்க் குழாய் வாய், கழிவு வாய், கூலி எல்லாம் 265. குசினிக்குள் போட்டிருந்த 120ஐக் கழிக்கிறேன்.

ஹீட்டர் பாய்ன்ட் 240. பொருள் 85, கூலி 120, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு மறுபடி அடித்தது 35. இந்த வேலைக்கு 3 டைலை உடைக்க வேண்டி வந்தது, ஏனென்றால் சொன்ன நேரத்தில் கீழ்ப்பாக டைல் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. டைலுக்கு முன்பே சொல்லியிருந்தால் 150 வெள்ளிக்குள் முடிந்திருக்கும். ஆனால் இதில் என் பக்கமும் தவறு உண்டு. நீங்கள் வேலையாளிடம் வாய்மொழியாகச் சொன்னதை அவர் அன்றே செய்துவிட்டார், எனக்கு மாலையில்தான் தெரியும். விலையைச் சொல்லாமல் கை வைத்திருக்கக்கூடாது. அதனால் அந்த 3 டைலை ஒட்டிய கூலியை நான் போடவில்லை. ஈப்போவிலிருந்து இரண்டாவது முறை டைல் எடுத்துவந்த 60 வெள்ளி லோரிக் கூலியையும் போடவில்லை.

ஹீட்டர் வாங்கும்போது ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தண்ணீர்த் தொட்டி சீலிங்குக்கு மேல்தான் இருக்கிறது, ஷவரிலிருந்து ஐந்தடி உயரம்கூட இல்லை. அந்த அழுத்தத்தில் சாதாரண ஹீட்டர் நூல் போல் ஊற்றும், சில மாடல் எரியவே எரியாது. உள்ளே பம்ப் இருக்கும் மாடலாக வாங்குங்கள். பாத்ரூம் குழாய் தொட்டியிலிருந்துதான் வருகிறது, அதனால் பம்ப் வைக்கலாம். மீட்டரிலிருந்து நேராக வரும் குழாயில் பம்ப் வைக்கக்கூடாது. மின் இணைப்பு என் கணக்கில் இல்லை. அதை உரிமம் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும், என் ஆட்களிடம் கேட்காதீர்கள், கேட்டால் செய்தும்விடுவார்கள்.

மொத்தக் கணக்கு

பாத்ரூம் மேல்சுவர் டைல்: 878.90
பின்பக்கத் தரை: 884.00
சிங்க் மாற்றம்: 848.00
வாஷிங் மெஷின்: 265.00
ஹீட்டர் பாய்ன்ட்: 240.00
கூடியது: 3,115.90

கழிவு:
பழைய சிங்க் பாய்ன்ட்: 250.00
பழைய வாஷிங் மெஷின் பாய்ன்ட்: 120.00
பாத்ரூம் மேல்சுவர் பெயிண்ட், 66.5 அடிக்கு 80 காசு வீதம்: 53.20
குறைந்தது: 423.20

நீங்கள் கூடுதலாகத் தர வேண்டியது: 2,692.70 வெள்ளி

பெயிண்ட் கழிவு நான் முதலில் அனுப்பிய பில்லில் இல்லை. டைல் போன இடத்துக்குப் பெயிண்ட் தேவையில்லை என்பதை இதை எழுதும்போதுதான் கவனித்தேன்.

18,600உடன் இதைச் சேர்த்தால் 21,292.70. நீங்கள் இதுவரை தந்தது 13,020. மீதி 8,272.70. கூடுதலில் பாதி 1,346.35ஐ இப்போது தந்தால் போதும். மறுபாதியையும் பழைய மீதி 5,580ஐயும் ஒப்படைக்கும் நாளில். அதிலும் 500 வெள்ளியை ஒரு மாதம் நீங்களே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒழுகல் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

பணம் தரும் முன் இரண்டு சோதனையை நேரில் பாருங்கள். ஒன்று நல்ல தண்ணீர்க் குழாய்க்கு. எல்லா வாயையும் அடைத்து, கைப்பம்பால் 6 பார் அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் விடுவோம். பிபிஆர் குழாய் முதலில் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் தொடக்கத்தில் முள் லேசாக இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். மறுபடி 6க்கு ஏற்றிய பிறகு முள் அசையக்கூடாது. இந்தக் குழாயை 260 பாகைச் சூட்டில் இளக்கி ஒட்டுகிறோம். இந்தப் பருமனுக்கு ஐந்து விநாடி சூடு போதும், அதிகம் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் வழிந்து துளை குறுகிவிடும். அது அழுத்தச் சோதனையில் தெரியாது. அதனால் சிங்க் குழாயைத் திறந்து ஒரு வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்றும் பாருங்கள், பாத்ரூம் குழாயோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது.

இரண்டாவது கழிவுக் குழாய்க்கு. சிங்க்கை நிரப்பி அடைப்பைச் சட்டென்று எடுங்கள். தண்ணீர் இடைவிடாமல் இறங்க வேண்டும். இறங்கி முடிந்ததும் அடியில் இருக்கும் வளைவில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுதான் லோங்காங் நாற்றத்தைத் தடுப்பது. கடைசியில் "களக் களக்" என்று இழுத்தால் சொல்லுங்கள், அதற்குக் காற்றுக் குழாய் ஒன்று சேர்க்க வேண்டியிருக்கும். அது என் பொறுப்பு, பில்லில் வராது.

இதற்குப் பிறகு எந்த மாற்றம் என்றாலும் என் போனுக்கே ஒரு வரி அனுப்புங்கள். தொகையும் நாளும் எழுதி நான் பதில் போடுவேன், நீங்கள் "சரி" என்று எழுதிய பிறகுதான் ஆள் கை வைப்பார். வேலையாளிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பம்போடு வருகிறேன். மகனும் அன்று ஊரில் இருப்பதாகச் சொன்னீர்கள், அவரையும் கூட இருக்கச் சொல்லுங்கள். கடை ரசீதுகளின் நகல் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. டைல் கடை ரசீதில் 7 பெட்டி, 6 பெட்டி என்று இரண்டு வரி இருக்கும். 7 பின்பக்கத்துக்கு, 6 பாத்ரூமுக்கு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு வேலை பார்க்கும் கொன்ட்ரேக்டர்